சொல்லும்படி இல்லாத கல்லீரல்

ஸ்கேன் சென்டரில் கொடுக்கும் பெரிய உறையை வாசற்படியிலேயே பிரித்து, படத்தை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்துவிட்டு, பிறகு அறிக்கைத் தாளை எடுத்து எழுத்துக்கூட்டும் மனிதர்களைத் தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் காணலாம். படம் தங்களுக்குப் புரியாது என்று அவர்களுக்குத் தெரியும். தாளில் இருப்பது ஆங்கிலம்தானே, வீட்டில் படித்த பிள்ளை யாரையாவது கேட்டுக்கொள்ளலாம் என்றுதான் எடுத்துக்கொண்டு போகிறார்கள். கேடு தொடங்குவதும் அங்கேதான்.

ஓர் அறிக்கையைப் பார்ப்போம். விளக்கத்துக்காகக் கோத்தது என்றாலும், அதன் ஒவ்வொரு வரியும் அன்றாடம் தட்டச்சாகும் வரிதான். 58 வயதுக்காரருக்கு மூன்று வாரமாக இருமல். டாக்டர் மார்புக்கு சி.டி. எழுதிக் கொடுத்த சீட்டில் ‘ஆர்/ஓ டி.பி.’ என்று இருக்கிறது. அறிக்கையில் இருதயமும், படத்தின் அடிப்பகுதியில் தெரிந்த கல்லீரலும் ‘அன்ரிமார்க்கபிள்’. வலது நுரையீரலின் மேல்மடலில், மொட்டு விட்ட கிளையைப் போலச் சிறு புள்ளிகள். அவை ‘கன்சிஸ்டென்ட் வித் டி.பி.’. பக்கத்தில் 14 மில்லிமீட்டரில் ஒரு முடிச்சு. அதைப் பற்றிய கடைசி வரி: ‘மாலிக்னன்சி கெனாட் பி ரூல்ட் அவுட்’.

கல்லூரியில் படிக்கும் மகள் இதை வாசித்துச் சொல்கிறாள்: “அப்பா, கல்லீரல் சொல்லிக்கிற மாதிரி இல்லையாம். டி.பி. இருக்குதுன்னு போட்டிருக்கு. கேன்சர்ங்கறத மறுக்க முடியாதாம்.”

மூன்று வாக்கியம், மூன்றும் தவறு. கல்லீரலில் குறை எதுவும் படவில்லை. டி.பி. என்பது வலுவான சந்தேகம், இன்னும் நிரூபணமாகவில்லை. புற்றுநோய் என்பது இந்தப் படத்தை மட்டும் வைத்துக் கழித்துவிட முடியாமல் நிற்கும் ஒரு வாய்ப்பு, அவ்வளவே. ஆனால் அன்றிரவு அந்த வீட்டில் யாரும் தூங்கியிருக்க மாட்டார்கள்.

இப்படி நடக்கும்போதெல்லாம் படித்தவர்கள் சொல்லும் காரணம் ஒன்று உண்டு. தமிழில் மருத்துவ நுணுக்கத்துக்குச் சொல் இல்லை. அதனால் அறிக்கையை ஆங்கிலத்திலேயே விட்டுவிடுவது நல்லது என்பது ஒரு சாரார் வாதம். சொல் இல்லாவிட்டால் உருவாக்குவோம், கலைச்சொல் பட்டியல் ஒன்று போட்டால் தீர்ந்தது என்பது இன்னொரு சாரார் வாதம். எதிரெதிராகத் தோன்றினாலும் இரண்டும் ஒரே நம்பிக்கையில் நிற்கின்றன: சிக்கல் சொல்லில் இருக்கிறது, ஆங்கிலச் சொல்லுக்கு நேரான தமிழ்ச் சொல் கிடைத்தால் பொருள் தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையே தவறு.

சொற்பஞ்சம் என்ற பேச்சை முதலில் ஒதுக்கிவிடலாம். அமெரிக்க மிஷன் மருத்துவரான சாமுவேல் கிறீன் 1847-இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். மானிப்பாயில் 1860-களிலேயே மாணவர்களுக்குத் தமிழில் மருத்துவம் கற்பித்தார். உடற்கூறு, அறுவை மருத்துவம், மகப்பேறு என்று பாடநூல்களைத் தன் மாணவர்களோடு சேர்ந்து தமிழில் ஆக்கினார். ஈரலும் எலும்பும் நரம்பும் அன்றைக்கே தமிழில் பேசப்பட்டுவிட்டன. மகள் வாசித்த அறிக்கையிலும் அவளைத் தடுக்கி விழவைத்தவை உறுப்பின் பெயரோ நோயின் பெயரோ அல்ல. நுரையீரல், முடிச்சு, டி.பி. எல்லாம் அவளுக்குச் சரியாகவே புரிந்தன. தடுக்கியவை கலைச்சொற்களே அல்லாத மூன்று சாதாரண ஆங்கிலச் சொற்கள். அவை பொருளின் பெயர்கள் அல்ல. ஒரு மருத்துவர் தனக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்று இன்னொரு மருத்துவருக்குக் காட்டும் கைச்சாடைகள். சாடைக்கு அகராதியில் நேர்ச்சொல் தேடினால் கிடைப்பது வேறு எதுவோதான்.

முதலில் அன்ரிமார்க்கபிள். ‘ரிமார்க்’ என்றால் குறிப்பிட்டுச் சொல்வது. குறிப்பிட்டுச் சொல்ல ஏதுமில்லாதது அன்ரிமார்க்கபிள். ரேடியாலஜிஸ்ட் தேடுவது கோளாறை. அவர் கண்ணுக்குச் சொல்லத்தக்கது என்றால் கோளாறு மட்டுமே. ஆகவே அவர் ஓர் உறுப்பைப் பார்த்து ‘சொல்ல ஒன்றுமில்லை’ என்றால் அதைவிட நல்ல செய்தி கிடையாது. ஆனால் அதே அடைமொழியைத் தமிழில் உறுப்பின் மேல் ஒட்டிப் பாருங்கள். ‘கல்லீரல் குறிப்பிடத்தக்கதல்ல’, ‘கல்லீரல் சொல்லும்படி இல்லை’. தமிழில் ஒருவர் சமையலைச் சொல்லும்படி இல்லை என்றால் அது நன்றாக இல்லை என்று பொருள். மகன் மார்க் சொல்லும்படி இல்லை என்றால் குறைவு என்று பொருள். நம் மொழியில் சொல்லத்தக்கது என்பது பாராட்டு. அதை மறுத்தால் பழிப்பு வந்து விழுகிறது. ஆங்கில மருத்துவத் தாளில் சொல்லத்தக்கது என்பது நோய்; அதை மறுத்தால் ஆரோக்கியம். சொல்லுக்குச் சொல் சரியாகப் பெயர்த்தால் பொருள் தலைகீழாவது இதனால்தான். மகள் பிழையாக மொழிபெயர்க்கவில்லை. மிகச் சரியாக மொழிபெயர்த்ததுதான் அவள் செய்த பிழை.

வழி தமிழுக்குள்ளேயே இருக்கிறது. எது இல்லை என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்: ‘கல்லீரலில் குறை ஒன்றும் காணவில்லை.’ ‘கல்லீரல்’ ‘கல்லீரலில்’ ஆகிவிட்டது; ஆங்கிலத்தில் மறைந்து நின்ற ‘குறை’ வெளியே வந்துவிட்டது. இவ்வளவுதான் வேலை. இதிலும் ஒரு பள்ளம் உண்டு. ‘குறை தெரியவில்லை’ என்று எழுதினால், சரியாகத் தெரியவில்லையாம், படம் தெளிவில்லை போல என்று கேட்பவர் எடுத்துக்கொள்ளக் கூடும். ‘குறையே இல்லை’ என்று எழுதினாலோ படம் காட்டாததையும் சேர்த்துச் சத்தியம் செய்ததாகிவிடும். பித்தப்பைக் கற்களில் சில சி.டி. படத்தில் பித்தநீரின் நிறத்திலேயே கலந்து கண்ணுக்குத் தப்பிவிடும். வயிற்று ஸ்கேனில் குடல் வாயு மறைத்தால் கணையம் சரியாகப் படாது. எனவே ‘இந்தப் படத்தில் பார்த்தவரை கல்லீரலில் குறை ஒன்றும் இல்லை’ என்பதே நேர்மையான வரி. ‘பார்த்தவரை’ என்ற ஒரு சொல், ரேடியாலஜிஸ்ட் உத்தரவாதம் தருவது எதுவரைக்கும் என்று சொல்லிவிடுகிறது.

ரூல் அவுட் இதைவிட ஆபத்தானது. அது சீட்டில் ஒரு வேலையும் அறிக்கையில் வேறொரு வேலையும் செய்கிறது. டாக்டர் சீட்டில் ‘ஆர்/ஓ டி.பி.’ என்று எழுதினால் அது கேள்வி: இது டி.பி.யா என்று பாருங்கள். அறிக்கையில் ‘ரூல்ட் அவுட்’ என்று வந்தால் அது பதில்: டி.பி. இல்லை என்று தெரிந்துவிட்டது. கேள்வியைப் பதிலாக வாசிப்பவர்கள் இரண்டு பக்கமும் விழுகிறார்கள். சீட்டில் நோயின் பெயரைக் கண்டதுமே அந்த நோய் வந்துவிட்டதென்று கலங்குபவர் ஒருவர். ‘டி.பி.யை நிராகரிக்கவும்’ என்று யாரோ பெயர்த்துச் சொன்னதைக் கேட்டு, டி.பி. இல்லை என்று டாக்டரே எழுதிவிட்டார் என நிம்மதியாகி, டெஸ்ட் எடுக்காமலே ஊருக்குத் திரும்பிவிடுபவர் இன்னொருவர். இரண்டாமவர்தான் பெரிய ஆபத்தில் இருக்கிறார்.

நெஞ்சுவலியோடு வருபவருக்கு ‘ஆர்/ஓ எம்.ஐ.’ என்று எழுதுவார்கள். மாரடைப்பா என்று பார்க்கவும் என்று பொருள். ஈ.சி.ஜி. எடுத்து, ரத்தத்தில் ட்ரோபோனின் பார்த்து, சில மணி நேரம் கழித்து மறுபடியும் பார்த்து, இரண்டு முறையும் ஏறவில்லை என்றால்தான் அந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் கிடைக்கும். முதல் ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது என்பதற்காக நோயாளி எழுந்து போய்விட்டால் கேள்வி பாதியில் நிற்கிறது. ‘மாரடைப்பை நிராகரிக்கவும்’ என்ற தமிழில் இந்தக் காத்திருப்பே இல்லை. மனுவை நிராகரிப்பது போல ஒரே கையெழுத்தில் முடிகிற காரியமாக அது ஒலிக்கிறது. ‘மாரடைப்பா?’ என்று ஒரு ‘ஆ’ சேர்த்துவிட்டால் போதும். வினாவை ஒரே எழுத்தில் காட்டும் இந்த வசதி ஆங்கிலத்தில் இல்லை. தமிழில் சொல் இல்லை என்று குறைப்படுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

அடுத்து அதே சொல்லின் எதிர்மறை: கெனாட் பி ரூல்ட் அவுட். இந்த வரியைத் தமிழில் ‘மறுக்க முடியாது’ என்றும் ‘மறுப்பதற்கில்லை’ என்றும் பெயர்ப்பது வழக்கமாகிவிட்டது. மேடைகளிலும் செய்தித்தாள்களிலும் ‘மறுப்பதற்கில்லை’ எப்படி வாழ்கிறது என்று பாருங்கள். அவர் நல்ல நடிகர் என்பதை மறுப்பதற்கில்லை. விலை ஏறிவிட்டது என்பதை யாரும் மறுக்க முடியாது. ஐயத்துக்கு இடமே இல்லாத, எதிரியும் ஒப்புக்கொண்டாக வேண்டிய உண்மையைச் சொல்லத்தான் தமிழ் இந்த இரட்டை எதிர்மறையைப் பயன்படுத்துகிறது. ஆங்கில மருத்துவ நடையில் அந்த இரட்டை எதிர்மறை உறுதியைக் கூட்டாமல் குறைக்கிறது: கழித்துவிட எனக்கு ஆதாரம் போதவில்லை, அவ்வளவுதான் என்கிறது. நூற்றில் ஐந்து வாய்ப்பு இருந்தாலும் ரேடியாலஜிஸ்ட் அப்படி எழுதலாம். தமிழில் அது நூற்றுக்கு நூறாக வந்து சேர்கிறது. இந்த ஒரு வரியால் அழுத குடும்பங்களுக்குச் சொற்பஞ்சம் காரணம் அல்ல. ‘மறுப்பதற்கில்லை’ நல்ல தமிழ்தான். அது இந்த இடத்துக்கு உரிய தமிழ் அல்ல.

இனி கன்சிஸ்டென்ட் வித். கலைச்சொல் பட்டியல் போட்டால் தீரும் என்பவர்களின் வாதம் முற்றாக உடைவது இங்கேதான். அகராதியில் அந்தச் சொல்லுக்கு ‘தொடர்ச்சியான’, ‘மாறாத’, ‘இசைவான’ என்று பொருள்கள் வரிசையாக நிற்கும். முதலிரண்டில் ஒன்றை எடுத்தவர் ‘மாறாத காசநோய்’ என்று எழுதிவிடுவார். மூன்றாவதை எடுத்தவருக்குத்தான் பொருள் அருகில் வருகிறது. அதுகூட எவ்வளவு இசைவு என்று சொல்லாது.

மார்கழிக் காலையில் ஒரு வீட்டு வாசல் நனைந்து கிடக்கிறது. இரவு மழை பெய்திருந்தால் வாசல் நனைந்திருக்கும். ஆகவே நனைந்த வாசல் மழையோடு ஒத்துப்போகிறது. ஆனால் அந்த வீட்டு அம்மா கோலம் போட வாசல் தெளித்திருந்தாலும் அது நனைந்துதான் இருக்கும். ஒத்துப்போகிறது என்பதற்கும் மழை பெய்தது என்பதற்கும் நடுவே இருக்கும் தூரம் அது. தெருவும் கூரையும் நனைந்திருக்கிறதா என்று பார்த்தால் தூரம் குறையும். நுரையீரலில் மொட்டு விட்ட கிளைபோலத் தெரியும் புள்ளிகளும் அந்த வாசல் போலத்தான். சிறு மூச்சுக்குழல்களில் சளியும் சீழும் அடைத்திருப்பதை அவை காட்டுகின்றன. டி.பி. பரவும்போது அப்படித் தெரியும். வேறு கிருமிகளாலும், உணவு புரையேறி நுரையீரலுக்குள் போனதாலும்கூட அப்படித் தெரியலாம். தெருவையும் கூரையையும் பார்ப்பது என்பது இங்கே சளிப் பரிசோதனை.

‘கன்சிஸ்டென்ட் வித்’ என்பதற்கு ஆங்கிலத்திலாவது ஒரே பொருள் உண்டா? இல்லை. ஒரு ரேடியாலஜிஸ்ட் அதை ‘ஏறக்குறைய உறுதி’ என்ற பொருளில் எழுதுகிறார். இன்னொருவர் ‘இதுவாகவும் இருக்கலாம்’ என்ற பொருளில் எழுதுகிறார். வாசிக்கும் டாக்டர் எந்தப் பொருளில் எடுத்துக்கொள்கிறார் என்பது மூன்றாவது கதை. சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் அமெரிக்க மருத்துவமனைகளுக்காக மெடிக்கல் கோடிங் செய்யும் இளைஞர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அவர்கள் பின்பற்றும் அமெரிக்க விதிப்படி, புறநோயாளியின் குறிப்பில் ‘கன்சிஸ்டென்ட் வித்’ என்று வந்தால் அந்த நோய்க்குக் குறியீடு போடக் கூடாது. அதே சொல் உள்நோயாளியின் டிஸ்சார்ஜ் குறிப்பில் வந்தால் நோய் இருப்பதாகவே கொண்டு குறியீடு போட வேண்டும். ஒரே சொல், ஒரே மொழி. ஆள் படுக்கையில் இருந்தாரா, வந்து பார்த்துவிட்டுப் போனாரா என்பதை வைத்து நோய் உண்டென்றும் இல்லையென்றும் ஆகிறது. மூலமே இப்படி இருக்கும்போது தமிழில் ஒரே சொல்லை நிறுத்திப் பட்டியலில் பூட்டிவிடலாம் என்பது எப்படிச் சரியாகும்?

இந்தச் சொல்லின் எடை என்ன என்று லண்டனில் உச்ச நீதிமன்றமே உட்கார்ந்து யோசித்த வழக்கு ஒன்று உண்டு. அது ஒரு தமிழரின் வழக்கு. கே.வி. என்ற எழுத்துகளால் மட்டும் குறிக்கப்படும் இலங்கைத் தமிழர் பிரிட்டனில் அடைக்கலம் கேட்டார். அரசுப் படையினர் பிடித்து வைத்துக் காய்ச்சிய கம்பியால் தன்னைச் சுட்டதாகச் சொன்னார். முதுகிலும் கையிலும் தழும்புகள் இருந்தன. அவை சூடு பட்ட தழும்புகள் என்பதில் சண்டை இல்லை. வதைத்தவர்கள் சுட்டார்களா, அடைக்கலம் பெறுவதற்காக அவரே யாரையாவது விட்டுச் சுட்டுக்கொண்டாரா என்பதே கேள்வி.

வதையை ஆவணப்படுத்தும் மருத்துவர்களுக்கு இஸ்தான்புல் நெறிமுறை என்ற ஐ.நா. கையேடு உண்டு, 1999-இல் உருவானது. அதில் தழும்பைப் பற்றி மருத்துவர் சொல்லும் சொல்லுக்கு ஐந்து படிகள் வகுத்திருக்கிறார்கள். பொருந்தவில்லை என்பது முதல் படி. ‘கன்சிஸ்டென்ட் வித்’ இரண்டாம் படிதான்: சொன்ன விதத்தில் ஏற்பட்டிருக்கலாம், ஆனால் வேறு பல காரணங்களும் இருக்கலாம். ‘ஹைலி கன்சிஸ்டென்ட்’ மூன்றாவது: வேறு காரணங்கள் உண்டு, ஆனால் சிலவே. வழக்கமாக இப்படித்தான் இருக்கும் என்பது நான்காவது. வேறெதனாலும் ஏற்பட்டிருக்க முடியாது என்பது ஐந்தாவது. பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2019 மார்ச் 6-ஆம் தேதி தீர்ப்பளித்தது. சூடு கம்பியால் வந்ததா என்பதோடு மருத்துவர் நின்றுவிட வேண்டியதில்லை, அது நேர்ந்ததாக அடைக்கலம் கேட்டவர் சொல்லும் சூழலோடும் தழும்பு எவ்வளவு பொருந்துகிறது என்று கருத்துச் சொல்லலாம் என்று கூறி, வழக்கை மீண்டும் விசாரிக்கத் தீர்ப்பாயத்துக்கே அனுப்பியது.

அந்தக் கையேட்டின் இரண்டாம் படியையும் மூன்றாம் படியையும் தமிழில் ஒருவர் ‘ஒத்துப்போகிறது’ என்ற ஒரே சொல்லால் பெயர்த்தால், அடைக்கலம் கேட்டு நிற்பவருக்குத் தன் சொந்த மருத்துவ அறிக்கை தன் பக்கம் எவ்வளவு வலுவாக நிற்கிறது என்பதே தெரியாமல் போகும். ‘உறுதிப்படுத்துகிறது’ என்று பெயர்த்தாலோ, வெற்றி கையில் இருப்பதாக நம்பிக்கொண்டு விசாரணைக்குப் போவார். அங்கே தேவைப்பட்டது கலைச்சொல் அல்ல, படி. ‘ஏற்பட்டிருக்கலாம்’, ‘பெரும்பாலும் இதனால்தான்’, ‘இதைத் தவிர வேறில்லை’ என்று படிப்படியாக ஏற்றிச் சொல்லத் தமிழுக்கு எந்தத் தடையும் இல்லை. ‘லாம்’, ‘கூடும்’, ‘போலிருக்கிறது’, ‘தான்’ என்று உறுதியின் அளவை வினைமுற்றிலும் இடைச்சொல்லிலும் வைத்துப் பேசுவது தமிழர்களின் அன்றாடப் பழக்கம். மழை வரும், வரலாம், வரும்போலிருக்கிறது என்ற மூன்றையும் எந்தத் தமிழ்க் குழந்தையும் குழப்பிக்கொள்வதில்லை.

அறிக்கை டாக்டர் படிப்பதற்கு, நோயாளி எதற்குப் படிக்க வேண்டும் என்ற எதிர்வாதத்தையும் சிலர் வைப்பார்கள். இந்த ஊரில் அறிக்கையைச் சுமப்பது நோயாளிதான். ஸ்கேன் சென்டரிலிருந்து டாக்டருக்கும், அந்த டாக்டரிடமிருந்து பெரியாஸ்பத்திரிக்கும், மூன்று வருடம் கழித்து வேறொரு ஊர் டாக்டருக்கும் மஞ்சள் பையில் தூக்கிக்கொண்டு போவது அவர்தான். நாள் முழுக்கக் கையில் இருக்கும் தாளை ஒருவர் படிக்கக் கூடாது என்று எதிர்பார்ப்பது நடக்காத காரியம். அதோடு, டாக்டர் அறையில் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் என்ன கேட்பது என்பதை அவர் அந்தத் தாளை வைத்துத்தான் முடிவு செய்கிறார்.

அந்த 58 வயதுக்காரரின் அறிக்கைக்குத் திரும்பலாம். பெயர்ப்பவர் ஒவ்வொரு வரியிலும் கேட்க வேண்டியது, ‘இந்தச் சொல்லுக்குத் தமிழில் என்ன?’ என்பதை அல்ல. எழுதியவருக்கு இதில் எவ்வளவு தெரியும், இன்னும் என்ன பார்க்க வேண்டியிருக்கிறது என்பதையே கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் தாள் இப்படி வரும்: இருதயத்திலும், கல்லீரலில் படத்தில் பட்ட பகுதியிலும் பார்த்தவரை குறை ஒன்றும் இல்லை. வலது நுரையீரலின் மேல்பகுதியில் உள்ள புள்ளிகள் டி.பி.யில் காணப்படுபவை போல இருக்கின்றன; வேறு தொற்றிலும் இப்படி வரலாம். பக்கத்தில் 14 மில்லிமீட்டர் முடிச்சு ஒன்று இருக்கிறது. அதுவும் இதே தொற்றால் வந்ததாக இருக்கலாம், ஆனால் புற்றுநோய் இல்லை என்று இந்தப் படத்தை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது, மேலும் பார்க்க வேண்டும்.

இதில் இரண்டாம் வரி மட்டும் இன்னும் திருப்தியாக இல்லை. ‘போல இருக்கின்றன’ என்பதில் எவ்வளவு வலு என்று எழுதிய ரேடியாலஜிஸ்ட்டுக்குத்தான் தெரியும். அனுப்பிய டாக்டர் அவரை போனில் கேட்டால் அரை நிமிடத்தில் விடை கிடைக்கும். கேட்பவர்கள் கேட்கவும் செய்கிறார்கள். கேட்டபின் ‘பெரும்பாலும் டி.பி.’ என்றோ, ‘டி.பி.யாகவும் இருக்கலாம்’ என்றோ வரியை மாற்றிக்கொள்ளலாம்.

எப்படி மாற்றினாலும் அடுத்த வேலை ஒன்றுதான். காலையில் எழுந்ததும், வாயைக் கொப்பளித்துவிட்டு, ஆழமாக மூச்சிழுத்து இருமி, நெஞ்சிலிருந்து வரும் சளியை டப்பியில் எடுத்துக் கொடுக்க வேண்டும், எச்சில் உதவாது. அரசு ஆஸ்பத்திரிகளில் காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் கருவியில் வைத்தால் சுமார் இரண்டு மணி நேரத்தில் முடிவு தெரியும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு ஆறு வாரம் வரை ஆகலாம். டி.பி. என்று தெரிந்தால் வழக்கமாக ஆறு மாத மருந்து. நடுவில் மறுபடியும் படம் எடுத்து அந்த முடிச்சு சுருங்குகிறதா என்று பார்ப்பார்கள். சுருங்காவிட்டால் ஊசியால் சதை எடுத்துச் சோதிப்பார்கள். டப்பியோடு லேபுக்குப் போகும் சீட்டில் டாக்டர் மறுபடியும் ‘ஆர்/ஓ டி.பி.’ என்றுதான் எழுதுவார். அதை வாங்கிப் பார்க்கும் மகள், “டி.பி.யான்னு பாக்கச் சொல்லியிருக்காங்கப்பா” என்று வாசித்தால் சரி.